பச்சை படாத மை

கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு கைறுன்னிஸா வேலைக்கு வந்த அன்றைக்குத்தான், அந்த வேலையின் பாரம் எங்கே இறங்குகிறது என்று தனுஷாவுக்கு விளங்கியது.

கோட்டைமுனையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி அவர்களுடைய அலுவலகம். வாவியின் நீர்மட்டத்தைப் பல பத்தாண்டுகளாகக் கையால் எழுதிவைத்த தாள்களைக் கணினிக்குள் கொண்டுவருவது அவர்கள் ஏற்றிருந்த வேலை. தாள்களை ஸ்கேன் செய்து கொடுத்தால், ஒரு மென்பொருள் இலக்கங்களையும் குறிப்புகளையும் வாசித்து அட்டவணையில் போட்டுவிடும். ஆனால் பழைய கையெழுத்து அல்லவா, ஏழு இருந்தால் ஒன்று என்கும், மூன்றை எட்டு என்கும். ஆகவே ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரு மனிதக் கண் ஒப்புநோக்க வேண்டும். அந்தக் கண் கைறுன்னிஸாவினுடையது.

அவள் காத்தான்குடிக்காரி. நாற்பதைத் தாண்டியவள். தம்பியின் புடைவைக்கடையில் நெடுங்காலம் கணினியில் கணக்குப் பார்த்தவள். எண்களில் அவளுக்கு இருந்த பொறுமை க்ளைவ் சேருக்குப் பிடித்துப்போனது. அவர்தான் அலுவலகத்தின் தலைவர்.

“என்னக்கா இது?” என்றாள் தனுஷா, பட்டையைக் காட்டி.

“டொக்டர் போடச் சொன்னவர், தங்கச்சி. கழுத்தெலும்பு தேஞ்சிரிக்காம். தாளப் பாக்க இடப்பக்கம் கிறுகோணும், ஸ்கிரீனப் பாக்க வலப்பக்கம் கிறுகோணும். கிறுகி வாறதுக்குள்ள எந்த வரியில நிண்டன் எண்டு மறந்துபோகுது. மறுகாத் திரும்பவும் தேடோணும்.” அவள் கைப்பையை மேசையில் வைத்தாள். “இந்த மாசத்தோட நிப்பாட்டுவமோ எண்டு யோசிக்கிறன்.”

தனுஷா களுவாஞ்சிக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். மென்பொருளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. மென்பொருள் எத்தனை வீதம் சரியாக வாசிக்கிறது என்பதைக் கூட்டிக் கூட்டிப் பார்த்திருக்கிறாளே தவிர, அதற்குப் பிறகு ஒரு மனுஷி அதை எப்படிச் சரிபார்க்கிறாள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று கதிரையை இழுத்துப் போட்டுக் கைறுன்னிஸாவின் பின்னால் அமர்ந்தாள். பார்த்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாசிக்கும் நேரத்தைவிடத் தேடும் நேரமே அதிகமாக இருந்தது.

“ரெண்டு மூண்டு நாள் பொறுங்கக்கா. நிக்கிற கதைய மறுகாக் கதைப்பம்.”

முதலில் திரையை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் தாளின் படம், வலப்பக்கம் அட்டவணை. அட்டவணையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோமோ, படத்தில் அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் சட்டம் விழும். செய்து முடித்துக் காட்டியபோது மேல் வரிகளில் சட்டம் சரியாக விழுந்தது. கீழே போகப் போக விலகி, கடைசி வரிகளில் பக்கத்து இலக்கத்தின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

“இது ஆரிட்டயோ களவெடுக்கப் போகுது,” என்று கைறுன்னிஸா சிரித்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் ஆனது. ஸ்கேன் செய்யும்போது தாள் கொஞ்சம் சரிந்திருந்தால், மென்பொருள் அதை நிமிர்த்திவிட்டுத்தான் வாசிக்கும். அது சொன்ன இடங்களெல்லாம் நிமிர்த்திய படத்துக்கு உரியவை. தனுஷா காட்டிக்கொண்டிருந்ததோ சரிந்த மூலப் படத்தை. மென்பொருள் எந்தப் படத்தை வாசித்ததோ அதே படத்தைத் திரையிலும் காட்டியதும் சட்டம் சொன்ன இடத்தில் நின்றது.

கழுத்து திரும்புவது நின்றது. ஆனாலும் கண் இடமும் வலமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துத் தனுஷா இன்னுமொரு படி போனாள். முழுத்தாளை எடுத்துவிட்டாள். படத்திலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் நாடாபோல வெட்டிப் பெரிதாக்கித் திரையின் நடுவில் வைத்தாள். அதற்கு நேர் கீழே மென்பொருள் வாசித்த கட்டங்கள். மேலே காலை நீர்மட்டம், அதன் காலடியில் அதன் கட்டம். மேலே மாலை நீர்மட்டம், அதன் காலடியில் அதன் கட்டம். நிரல்களின் அகலம்கூட ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைத்தாள். மென்பொருளுக்கு நிச்சயமில்லாத கட்டங்கள் செம்மஞ்சளாகத் தெரியும். சரியென்றால் என்டர் தட்ட அடுத்த கட்டம், வரி முடிந்தால் அடுத்த நாடா தானாக வரும். மவுஸைத் தொடவே தேவையில்லை.

நாடாவின் மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் முதலில் வெட்டியிருந்தாள். கைறுன்னிஸாதான் அது வேண்டாம் என்றாள்.

“பக்கத்து வரிர வாலும் தலயும் உள்ளுக்க வருது. கண் அங்க இழுபடுது. ஒட்ட வெட்டிவிடு, புள்ள.”

ஒட்ட வெட்டிவிட்டாள் தனுஷா.

அதன் பிறகு அந்த அறையில் கேட்டதெல்லாம் என்டர் தட்டும் சத்தம்தான். முன்பு ஒரு நாள் முழுக்க இழுத்த தாள்களைக் கைறுன்னிஸா தேநீர் நேரத்துக்கு முன்பே முடித்தாள். கழுத்துப் பட்டையை ஒருநாள் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். மாசத்தோடு நிற்கும் கதையை யாரும் பிறகு எடுக்கவில்லை. க்ளைவ் சேர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மாரிக்கு முன்ன முடிப்பம் போல கிடக்கு,” என்றார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

மாரிக்கு முன்பு முடிய வேண்டியதற்குக் காரணம் இருந்தது. மழை வலுக்கும்போது வாவி நிரம்பும். நிரம்பினால் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் தாழ்ந்த வயல்வெளிகளான வட்டைகளில் பயிர் செய்பவர்கள் நேரத்தோடு வெட்டுங்கள் என்பார்கள், பயிர் அழுகிவிடும் என்று. வாவியில் மீனும் இறாலும் பிடிப்பவர்கள் பொறுத்து வெட்டுங்கள் என்பார்கள், மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று. வருஷா வருஷம் இந்த இழுபறிதான். எந்த மட்டத்தில் வெட்டுவது என்று பழைய பதிவுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரலாம் என்று நீர்ப்பாசனப் பக்கத்தில் வேலைசெய்த நிதுர்ஷன் என்ற இளம் பொறியியலாளர் நினைத்தார். தாள்கள் அவர் அனுப்பியவைதான்.

முடிந்த பகுதியை அனுப்பிய அடுத்த வாரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. தனுஷா எடுத்தாள்.

“தங்கச்சி, உங்கட அட்டவணை நல்லாயிருக்கு. ஒரு இடத்தில மட்டும் எனக்கு இடிக்குது. ஒரு மார்கழி மாசம், குறிப்பு நிரல்ல ‘பாதை ஓடவில்லை’ எண்டு கிடக்குது.”

வாவியின் இரு கரைக்கும் வாகனங்களையும் சனத்தையும் ஏற்றி இறக்கும் மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள்.

“பாதைய நிப்பாட்டுறதெண்டா தண்ணி நல்லா ஏறியிருக்கோணும். ஆனா நீங்க தந்த மட்டம் அவ்வளவு இல்ல. அண்டைக்குக் காலையும் சாதாரணம், பின்னேரமும் சாதாரணத்துக்குக் கொஞ்சம் மேல. ஒருக்காப் பாக்கிறீங்களா?”

தனுஷா அந்தப் பக்கத்தின் நாடாவை எடுத்துப் பார்த்தாள். காலை மட்டம் சரி. மாலை மட்டம் சரி. மேலே இருந்த கையெழுத்தும் கீழே இருந்த கட்டமும் அச்சொட்டாகப் பொருந்தின. முந்தின வரியும் அப்படியே, பிந்தின வரியும் அப்படியே. மாசத்துக்கு எத்தனை நாளோ அத்தனை வரியும் இருந்தது. பிழை ஒன்றுமில்லை என்று சொல்லப் போனை எடுத்தவள், ஏதோ நினைத்து, ஸ்கேன் கோப்பிலிருந்து முழுத்தாளைத் திறந்தாள்.

திறந்ததும் கண்ணில் பட்டுவிட்டது. அந்த நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையில், அச்சடித்த கோட்டின் மேலேயே, பொடி எழுத்தில் ஒரு வரி. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது அளவுப் பலகையைப் பார்த்தவர் வழக்கமான இரண்டு நேரத்தோடு நிற்காமல் நடுச்சாமத்திலும் போய்ப் பார்த்திருக்கிறார். எழுத இடமில்லாமல் கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறார். அந்த மாசத்திலேயே மிகப் பெரிய இலக்கம் அதுதான்.

தனுஷா கதிரையில் சாய்ந்தாள். நடந்தது இப்போது ஒழுங்காகத் தெரிந்தது. மென்பொருள் அச்சுக்கோடுகளைப் பார்த்து வரிகளைப் பிரிக்கும். கோட்டின் மேல் எழுதியதில் பாதி மேல் வரிக்குள்ளும் பாதி கீழ் வரிக்குள்ளும் போய்விட்டது. அரைகுறைக் கீறல்களை அழுக்கு என்று அது ஒதுக்கிவிட்டது. அது பிரித்த வரிகளைத்தான் அவள் நாடாவாக வெட்டினாள். மென்பொருள் காணாத வரிக்கு நாடா கிடையாது. நாடா இல்லாத வரியைக் கைறுன்னிஸா காண வழியே கிடையாது. பழைய முறையில், கழுத்தை ஒடித்துக்கொண்டு தாளைப் பார்த்திருந்தால், அது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தநாள் காலையில் கைறுன்னிஸா வந்ததும் தனுஷா அவளுக்கு முழுத்தாளைக் காட்டினாள். கைறுன்னிஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“இந்தத் தாளு நான் முடிச்சது. எனக்கு ஞாபகமிரிக்கு. நாடாட அடி ஓரத்தில மயிர் மாதிரி என்னவோ கிடந்திச்சு. ஊத்த, தூசி எண்டு விட்டுட்டன்.”

“உங்கட பிழையில்லக்கா.”

“பிழ ஆர்ரயோ, தண்ணி ஏறினது ஏறினதுதானே.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீ காட்டினத நான் பாத்தன், புள்ள. நீ காட்டாதது எனக்குத் தெரியா.”

அதில் குற்றம்சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் தனுஷாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

க்ளைவ் சேர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். “அப்ப பழைய மாதிரித் தாளை அச்சடிச்சு வைச்சுப் பாக்கிறதா? மாரி வந்திடும் மகள்.”

“கைறுன்னிஸாக்காட கழுத்தும் போயிடும் சேர். இதுக்கு ஒரு வழி பாக்கிறன்.”

“இவ்வளவு நாளும் பாத்த தாளெல்லாம்?”

“அதுகளையும்தான்.”

அன்று பகல் தனுஷா தன் மேசைக்குப் போகவில்லை. கைறுன்னிஸாவின் கதிரையில் அமர்ந்து, அவள் செய்யும் வேலையைத் தானே செய்தாள். நாடா வரும், கண் மேலே போகும், கீழே வரும், என்டர். நாடா, மேலே, கீழே, என்டர். கொஞ்ச நேரத்தில் விரல் கண்ணை முந்திக்கொண்டு தட்டத் தொடங்கிவிட்டது. தான் ஒரு தாளைப் பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போனதை அவள் கவனித்தாள். ஒரு மாசத்தில் மழை எப்போது பிடித்தது, தண்ணீர் எப்போது ஏறியது, எழுதியவர் எங்கே பேனா மாற்றினார் என்று எதுவுமே தெரியவில்லை. வேகம் வேண்டும் என்று தேவையில்லாததையெல்லாம் வெட்டி எறிந்தாள். எது தேவையில்லாதது என்று தீர்மானித்தது யார்? அவளும், மென்பொருளும். தாளை எழுதியவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே நாடாவுக்கு முன்பு முழுத்தாளை ஒருமுறை காட்டுவது என்று முடிவெடுத்தாள். ஆனால் வெறுமனே காட்டினால் கண் அலையும். எதைத் தேடுவது என்று கண்ணுக்குச் சொல்ல வேண்டும். மென்பொருள் வாசித்த இடத்தின் மேலெல்லாம் வெளிர்பச்சை பூசினால், வாசிக்காமல் விட்ட மை மட்டும் கறுப்பாகத் தனித்து நிற்குமல்லவா?

பூசினாள். தாள் முழுவதும் பச்சையாகிவிட்டது. கோட்டின் மேல் எழுதிய வரியும் பச்சைக்குள் அமிழ்ந்து கிடந்தது.

“இதில ஒண்டும் தெரியல்லியே,” என்றாள் பின்னால் நின்ற கைறுன்னிஸா.

தனுஷாவுக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அவள் பூசியது கட்டங்களுக்கு. கட்டம் கோட்டிலிருந்து கோடு வரைக்கும் போகும். கோட்டின் மேல் கிடப்பது இரண்டு கட்டத்துக்குள்ளும் அகப்பட்டுத்தானே போகும். மென்பொருள் கட்டத்தை மட்டும் அல்ல, அதற்குள் தான் கண்ட ஒவ்வொரு இலக்கத்தின், சொல்லின் எல்லையையும் குறித்து வைத்திருந்தது. கட்டத்தை விட்டு அந்த எழுத்துகளுக்கு மட்டும் பச்சை பூசினாள்.

இம்முறை தாள் வேறு மாதிரித் தெரிந்தது. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பச்சைப் பொட்டுகள். நடுவில், பச்சை படாமல், பொடி எழுத்து ஒரு வரி கன்னங்கரேலென்று நின்றது.

கைறுன்னிஸா குனிந்து அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். “இதச் சேக்க வழி இரிக்கா? இதுவரைக்கும் இரிக்கிறதத் திருத்தத்தான் ஏலும். புதுசா ஒண்டு வைக்க ஏலாதே.”

அதுவும் உண்மைதான். திருத்துவதற்கு வழி வைத்தவள், சேர்ப்பதற்கு வழி வைக்கவில்லை. மென்பொருள் ஒரு வரியையே தவறவிடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. படத்தில் ஓர் இடத்தைச் சுற்றி இழுத்தால் அந்த இடம் புது நாடாவாகி, கீழே வெறுமையான கட்டங்கள் திறக்கும்படி செய்தாள். அதில் மென்பொருளின் வாசிப்பு எதுவும் இருக்காது. பார்ப்பவர் தானே வாசித்துத் தட்ட வேண்டும். அந்த வரி கையால் சேர்க்கப்பட்டது என்ற அடையாளமும் கூடவே போகும்.

முடித்த தாள்களையெல்லாம் மறுபடி திறந்தார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனது. பச்சை படாத மை இல்லாத தாள் ஒரு பார்வையில் கடந்துபோகும். இருந்த இடங்களில் பெரும்பாலானவை சும்மா: தேநீர்க் கறை, அதிகாரியின் கையொப்பம், ஓரத்தில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு. ஒரு தாளில் எழுதியவர் பேனா எழுதுகிறதா என்று சுழித்துப் பார்த்திருந்தார். ஆனால் வெள்ள மாசங்களில் கறுப்பு கூடியது. நடுச்சாமம், விடியற்புறம், மத்தியானம். தண்ணீர் ஏற ஏற எழுத்தும் நெருங்கியது.

“பாவம் மனிசன்,” என்றாள் கைறுன்னிஸா ஒருமுறை. “நித்திரையே கொள்ளல்ல போல.”

அவளுக்கு அந்த மாசங்கள் இப்போது நாடாக்களாகத் தெரியவில்லை. ஒரு தாளை முழுதாகப் பார்த்துவிட்டு, “இதில மழ பத்தாந் தேதிக்குப் பிறகுதான் பிடிச்சிரிக்கு” என்பாள். வெள்ள மாசம் என்று தெரிந்தால் தனுஷா சொல்ல வேண்டியதில்லை, தானாகவே வேகத்தைக் குறைப்பாள். நாடாவை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் அகட்டிக் காட்டவும் ஒரு விசை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வறண்ட மாசத்துத் தாள்களில் முன்போலவே தட்டிக்கொண்டு பறந்தாள். எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்பது இப்போது அவள் கையில் இருந்தது.

திருத்திய பதிவுகள் போய்ச்சேர்ந்த பிறகு நிதுர்ஷன் அலுவலகத்துக்கே வந்தார். மடிக்கணினியில் வரைபைக் காட்டினார். தட்டையாக இருந்த மார்கழிகளில் இப்போது கூரிய முனைகள் எழுந்து நின்றன.

“தண்ணி இரவிலதான் உச்சத்துக்கு வந்திருக்கு. காலையும் பின்னேரமும் மட்டும் பாத்தா நாங்க எப்பவும் குறைச்சுத்தான் மதிப்பம். கூட்டத்தில இத வைக்கிறன்.”

“அப்ப நேரத்தோட வெட்டச் சொல்லுவீங்களா?” என்று கைறுன்னிஸா கேட்டாள். “எங்கட ஆக்களும் வாவியில மீன் பிடிக்கிறவங்கதான்.”

அவர் மடிக்கணினியை மூடினார். “அதத் தாள் சொல்லாது. அத அவங்கதான் இருந்து கதைச்சு முடிவெடுக்கோணும். எந்த மட்டத்துக்கு வந்தா எத்தனை மணித்தியாலம் கையில இருக்கு எண்டுதான் நான் சொல்லலாம்.”

“அதச் சரியாச் சொன்னாப் போதும்.”

ஐப்பசி நடுவில் மழை தொடங்கியது. கூட்டம் ஒருமுறை நடந்து, முடிவில்லாமல் மறுமுறைக்குத் தள்ளிப்போனது. வரைபைப் பார்த்து இரு பக்கமும் கேள்வி கேட்டார்களாம். சத்தம் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்று நிதுர்ஷன் போனில் சொன்னார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

மிச்சமிருந்த தாள்கள் குறைந்துகொண்டு வந்தன. ஒருநாள் பின்னேரம், யன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, கைறுன்னிஸா கூப்பிட்டாள். பச்சை படாத ஒரு வரியை நாடாவாக்கி வைத்திருந்தாள். எழுதும்போதே நனைந்த தாள். மை பரவியிருந்தது. முதல் இலக்கம் தெளிவு. இரண்டாவது ஆறாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

“உனக்கு என்ன தெரியிது?”

தனுஷா பெரிதாக்கிப் பார்த்தாள். சிறிதாக்கிப் பார்த்தாள். அதே கையெழுத்தில் வேறு ஆறுகளையும் எட்டுகளையும் பக்கத்தில் எடுத்து வைத்துப் பார்த்தாள். “எட்டு மாதிரி,” என்றாள். சற்றுக் கழித்து, “எட்டு எண்டா வெள்ளம் பெரிசா வரும், அதால எனக்கு எட்டாத் தெரியுதோ தெரியல்ல” என்றாள்.

“எனக்கு ஆறாத் தெரியிது. மறுகாப் பாத்தா எட்டு.”

பிறகு கைறுன்னிஸா கட்டத்தை வெறுமையாக விட்டு, குறிப்பில் ‘வாசிக்க முடியவில்லை, ஆறு அல்லது எட்டு’ என்று தட்டினாள். படத்தின் அந்தத் துண்டும் குறிப்போடு கூடவே போகும்படி இணைத்தாள்.

“பாக்கிறவங்களும் பாக்கட்டும்,” என்று சொல்லி, என்டரைத் தட்டி அடுத்த தாளுக்குப் போனாள்.